முதலில் போவது கால் அல்ல

குடித்தவன் தள்ளாடுவான்; ஆகவே தள்ளாடுகிறவன் குடித்தவன். ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கத்துப் போலீஸுக்கு இருந்த வைத்திய ஞானம் அவ்வளவுதான். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் நான் டாக்டராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த ஊரில் அதற்கு ஓய்வே கிடைக்கவில்லை.

நம் பக்கம் மதுவிலக்கு. பாகலூரைத் தாண்டி எல்லைக்கு அப்பால் போனால் மைசூர்ச் சீமை. அங்கே சாராயக்கடை பட்டப்பகலில் திறந்திருக்கும். சந்தை நாளில் போய் ஊற்றிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்புவார்கள். போலீஸ் வழியில் பஸ்ஸை மடக்கி, சந்தேகப்பட்டவர்களை இறக்கி எங்களிடம் கொண்டுவரும். குடிபோதையில் இருக்கிறார் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கேஸ் நிற்கும்.

அன்று பெரிய டாக்டர் லீவு. விளக்கு வைக்கும் நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ஐந்து பேரைக் கொண்டுவந்து வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்தார்.

"அஞ்சு கையெழுத்துங்கம்மா, போட்டுக் குடுத்தா கெளம்பிருவேன். நீங்க பொம்பளைங்க, கிட்டப் போயி மோந்து பாக்க வேணாம். நானே பாத்துட்டேன்."

"ஏன், மூக்கு உங்களுக்கு மட்டும்தான் வெச்சிருக்கா?" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

பெஞ்சின் இந்தக் கோடியில் இருந்தவன் ரொம்ப சந்தோஷமாக இருந்தான். "டாக்டரம்மா, நீங்க எங்க அக்கா மாதிரியே இருக்கீங்க" என்றான். நான் கேட்காமலே, அவன் மச்சான் யாருக்கும் தெரியாமல் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதையும் சொன்னான். கோடு போட்டு நடக்கச் சொன்னேன்; கிட்டத்தட்ட நேராகவே நடந்தான். சாராயம் முதலில் பிடிப்பது மூளையின் மேற்பரப்பை, அதிலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று காவல் காக்கும் இடம் அது. காவல்காரன் தூங்கிவிட்டான், காலுக்கு இன்னும் சேதி போகவில்லை.

இரண்டாமவன் அதற்கு அடுத்த படி. சப்-இன்ஸ்பெக்டரையே அடிக்கப் போவதாகச் சவால் விட்டான். அப்புறம் ஓவென்று அழுதான். மூன்றாமவனுக்குப் போதை பின்மூளைக்கு இறங்கியிருந்தது. கால், கை, நாக்கு, மூன்றையும் ஒத்துப்போக வைப்பது அந்தப் பகுதி. அவன் தெலுங்கில் ஏதோ சொன்னான், தெலுங்கர்களுக்கே புரியவில்லை. மூக்கைத் தொடச் சொன்னால் காதைத் தொட்டான்.

நான்காமவன் பெஞ்சிலேயே சரிந்து கிடந்தான். கிள்ளினால் முனகினான், கண் திறக்கவில்லை. இதற்கும் கீழே இறங்கினால் மிச்சமிருப்பது மூச்சை நடத்தும் மூளையின் அடித்தண்டுதான். அதுவும் மயங்கினால் ஆள் காலி. "இவரைக் கூட்டிட்டுப் போக முடியாது" என்று சொல்லி, வாந்தி தொண்டையில் அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை எண்ணிக்கொண்டிருக்க ஒரு நர்ஸையும் உட்காரவைத்தேன். பிழைத்துக்கொண்டான்.

ஐந்தாமவர் காக்கிச் சட்டை போட்ட தபால்காரர். பாகலூர் லைனில் கிராமம் கிராமமாக நடந்து கடிதம் கொடுப்பவர். சட்டை முழுக்கச் சாராய நாற்றம். வாயில் வெற்றிலை வாசனை மட்டும்.

"பஸ்ல பக்கத்துல இருந்தவன் என் மேல கொட்டிட்டானுங்கம்மா. நான் சத்தியமாத் தொடலீங்க."

"வெத்தல போட்டு மறைக்கறான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "நடக்க விட்டுப் பாருங்க, தெரியும்."

நடக்கச் சொன்னேன். இரண்டு எட்டு வைத்து, மங்கின வெளிச்சத்தில் தூணைப் பிடித்துக்கொண்டார். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். தபால்காரர் சிரிக்கவில்லை. "கேஸ் ஆச்சுன்னா வேல போயிருமுங்கம்மா, மூணு பொட்டப் புள்ளைங்க" என்றார். குரல் மணி மாதிரித் தெளிவாக இருந்தது. அங்கேதான் எனக்கு இடித்தது.

மூக்கைத் தொடச் சொன்னேன்; குறி தவறவில்லை. எழுதச் சொன்னேன், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் முத்து முத்தாக எழுதினார். எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் படித்துக்காட்டுகிறவர், ஊர் ரகசியம் முழுக்க அவர் வயிற்றில். வேண்டுமென்றே வம்புக்குக் கேட்டேன்: "அந்தப் பண்ணக்காரர் வீட்டுக்கு வாராவாரம் பெங்களூர்லருந்து கடுதாசி வருதாமே, யாரு எழுதறாங்க?"

தூணைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அது அவுங்க கடுதாசிங்கம்மா. நான் சொல்லக் கூடாதுங்க."

காவல்காரன் விழித்துக்கொண்டிருக்கிறான்! நெற்றிக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, கை சொன்னபடி கேட்கிறது, நாக்கு சொன்னபடி கேட்கிறது. அப்புறம் கால் மட்டும் எப்படிப் போகும்? சாராயம் அப்படிக் குறுக்கு வழியில் இறங்காது.

தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். போன வருடம் காசநோய்க்கு மாதக்கணக்கில் ஊசி போட்டிருக்கிறார்கள். அப்போது புதிதாக வந்த மருந்து. நோயைக் குணமாக்கும், சிலருக்கு உள்காதில் சமநிலை காக்கும் உறுப்பைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கண்தான் ஊன்றுகோல். வெளிச்சம் குறைந்தால் ஊன்றுகோலும் போய்விடும்.

"நோவு பேர மட்டும் சொல்லிராதீங்கம்மா. எவனும் கடுதாசிய என் கையில வாங்க மாட்டான்."

நான்கு தாளில் குடிபோதை என்றும், ஐந்தாவதில் குடிக்கவில்லை என்றும் எழுதிக் கொடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றார். "தாராளமா" என்றேன்.

வாய் வீரம் வேறு, சாட்சிக் கூண்டு வேறு. என் தாளையும் மீறி போலீஸ் தபால்காரர் மேல் கேஸ் போட்டது; சாட்சி சொல்லப் போன அன்று எனக்கு உள்ளூரப் பயம்தான். போலீஸ் தரப்பு வக்கீல் சிரித்தபடி வந்தார்.

"டாக்டரம்மாவுக்குச் சர்வீஸ் எத்தனை வருஷம்?"

"ஒண்ணு முடியப்போகுது."

"என்னிக்காவது குடிச்சுப் பாத்ததுண்டா?"

கோர்ட்டே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! "இல்லீங்க. நான் செத்தும் பாத்ததில்ல. ஆனா செத்தவங்களுக்குச் சர்டிபிகேட் நான்தான் குடுக்கறேன்."

இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம். மாஜிஸ்திரேட்டும் குனிந்து மீசையைத் தடவிக்கொண்டார். அதற்கப்புறம் பயம் போய்விட்டது. போதை மேலேயிருந்து கீழே இறங்கும் வரிசையைச் சொன்னேன்: முதலில் நிதானம், அப்புறம் நாக்கும் கையும் காலும், அப்புறம் நினைவு, கடைசியில் மூச்சு. முதல் படியையே மிதிக்காமல் ஒருவன் இரண்டாம் படியில் நிற்க முடியாது என்றேன். ஊசி மருந்தால் காதுக்குள் வந்த கோளாறு என்றும் சொன்னேன். எந்த நோய்க்கான ஊசி என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"காதுல கோளாறுன்னா கால் ஏன் ஆடணும்? கதை விடறாங்க" என்றார் வக்கீல்.

"இங்கயே காட்டறேன். முதல்ல சப்-இன்ஸ்பெக்டர் நிக்கட்டும்" என்றேன். மாஜிஸ்திரேட் தலையசைத்தார். ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். கம்பம் நட்டாற்போல் நின்றார், பாவம், பெருமையாகவே.

பிறகு தபால்காரர். பகல் பதினொன்றரை, ஜன்னல் வழியே வெயில் கொட்டுகிறது. கண் திறந்திருந்தவரை சமாளித்து நின்றார். "இப்ப மூடுங்க" என்றேன். மூடின மாத்திரத்தில் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். நான் தயாராக இருந்ததால் தாங்கிக்கொண்டேன். சப்-இன்ஸ்பெக்டரும் தன்னையறியாமல் ஓடிவந்து மறு தோளைப் பிடித்தார்.

"இப்ப மோந்து பாருங்க, குடிச்சிருக்காரா?" என்று அவரிடமே கேட்டேன்.

அவர் நிஜமாகவே குனிந்து முகர்ந்தார். "இல்லீங்க ஐயா" என்றார் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து. நேர்மையான மனுஷன்தான், அதுவரை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேஸ் தள்ளுபடி. எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நடந்ததை நர்ஸுகளிடம் நடித்தே காட்டினேன், இரண்டு தடவை. போஸ்ட் மாஸ்டருக்கும் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன்: இவரை ஓசூருக்குள்ளேயே, இருட்டுக்கு முன்னால் வீடு திரும்பும் வேலையில் போடுங்கள், மேடு பள்ளம் வேண்டாம் என்று.

பத்து நாள் பதிலே இல்லை. பதினோராம் நாள் வெளி நோயாளிகள் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குரல் கேட்டது, மணி மாதிரி.

"தபால்!"

எழுந்து ஓடினேன். துவைத்த காக்கிச் சட்டை, தோளில் பை. ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, மறு கையால் என் பேருக்கு வந்த கடிதத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.