போனம் வைத்தபின் நிறுத்திய மாத்திரை

ஹைதராபாத்தில் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் நான் டாக்டராக இருந்த காலம். ரயில்வே காலனியிலிருந்து ஒரு தையல்காரி வருவாள். கணவன் இதே நோயில் போய்விட்டான். எட்டாவது படிக்கும் மகள் ஆளாகும்வரை உயிரோடு இருந்தால் போதும் என்பாள். தமிழில் பேச ஆள் கிடைத்ததில் எனக்கும் அவளைப் பிடித்துப்போனது.

வைரல் லோட் பரிசோதனை அப்போது அபூர்வம். ஓர் ஆய்வுக்காக அவளுக்குச் செய்தோம். ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று வந்தது. அதன்பின் மாதக்கணக்கில் ஆளையே காணோம்.

திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள், வாயெல்லாம் வெள்ளைப் புண்.

"மாத்திரை?"

"நிறுத்திட்டேன் டாக்டரம்மா. ரத்தத்துல இருக்கிற பூச்சி போனா தலையில சோத்துப் பானை தூக்கிப் போனம் வைக்கிறேன்னு அம்மனுக்கு வேண்டியிருந்தேன். வச்சேன். அப்புறமும் மாத்திரை தின்னா அம்மனை நம்பலன்னு ஆயிடும்ல? அது நக்கோ, வேணாம்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "அடிப்பாவி! யாரைக் கேட்டு நிறுத்தின?"

"காயிதத்துல இல்லன்னு இருந்துச்சே. அப்ப எங்க ஒளிஞ்சிருந்துச்சு?"

வைரஸ் கொண்டுவருவது ஆர்.என்.ஏ. அதைப் பார்த்து டி.என்.ஏ. எழுத அதனிடம் ஒரு நொதி இருக்கிறது. எழுதியதை இன்னொரு நொதி நம் செல்லின் டி.என்.ஏ.வை வெட்டி அதற்குள் இணைத்துவிடும். அப்படிச் சில செல்கள் வருஷக்கணக்கில் தூங்கும். ரத்தத்தில் தெரியாது, மாத்திரைக்கும் எட்டாது. அவள் தின்ற மாத்திரை முதல் நொதியின் கையைக் கட்டும், புதுச் செல்லுக்குப் பரவாமல் தடுக்கும், அவ்வளவுதான். இதையெல்லாம் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

மறுபடி அதே மாத்திரையை ஆரம்பித்தோம். இந்த முறை நோய் அதற்குக் கேட்கவில்லை. அந்த ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து. திடீரென நிறுத்தினால் இரண்டு சீக்கிரம் வடிந்துவிடும், மூன்றாவது மட்டும் பல நாள் தங்கும். முதல் நொதியோ பிழை மேல் பிழையாக எழுதும், திருத்தாது. தனியாக நின்ற மருந்துக்கு அடங்காத பிழையுள்ள வைரஸ் ஒன்று தப்பிப் பெருகி, அதுவும் செல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்கு மாற்றான அடுத்த வரிசை மருந்து எங்கள் மையத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. வேறொன்று கேட்டாள்.

"என் டி.என்.ஏ.வுலயே கலந்துடுச்சுன்னீங்களே. என் பொண்ணு என் வயித்துல பொறந்தவ. அவளுக்கும் அப்படியே வந்திருக்குமா?"

"அது உன் ரத்தத்துல உள்ள செல்லுங்கள்லதாம்மா கலந்திருக்கு. மூக்கு முழி மாதிரி வம்சமா வராது. பிரசவத்துலயோ தாய்ப்பால்லயோ வைரஸ் தொத்தினாத்தான் உண்டு. அவளுக்குத்தான் டெஸ்ட் பண்ணியாச்சே, இல்லன்னு வந்துச்சு."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"ஹவ்... அப்ப சரி," என்று தலையாட்டினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

அந்த அடுத்த வரிசை மருந்து எங்கள் மையத்துக்கு வந்து சேர்ந்த அன்று பெட்டியைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அவள் போய்விட்டிருந்தாள். மகளுக்குப் பத்தாவது பரீட்சைகூட இன்னும் முடியவில்லை.