கண்டிப்பா வரேன்

மகள் அபியின் கல்யாணப் பத்திரிகை ஒன்று நாலு நாளாகச் செல்வாம்பாளின் கைப்பையிலேயே கிடந்தது. உறை மேல் குஞ்சம்மாள் என்று பெயர் எழுதியாயிற்று. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கால் வரவில்லை. ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. கொடுக்காமல் விட்டால் இந்த ஜென்மத்தில் இனிப் பேசவே போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

இரண்டு பேரும் ஒரே கடற்கரை ஊரில், ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒரு தட்டில் பழைய சோறு தின்றவர்கள், ஒரு ரிப்பனை நறுக்கி ஆளுக்குப் பாதி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். அடடா, அது என்ன காலம்! பிறகு செல்வாம்பாள் டவுனில் உப்பளம் என்கிற பகுதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். குஞ்சம்மாள் ஊரிலேயே இருந்து, டவுன் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றாள்.

அபி வயசுக்கு வந்தபோது மஞ்சள் நீராட்டுக்கு முதல் அழைப்பு குஞ்சம்மாளுக்குத்தான். "நீ வந்தாத்தான் பிள்ளைய மணையில உக்கார வைப்பேன்" என்றாள் செல்வாம்பாள். "கண்டிப்பா வரேன்டி" என்றாள் அவள். வரவில்லை. நல்ல நேரம் தாண்டுகிற வரைக்கும் பிள்ளையை ஈரத் தலையோடு நிற்க வைத்துவிட்டு, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதோடு அற்றுப்போனது உறவு.

செல்வாம்பாள் வேலை பார்ப்பது கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில், காலைச் சாப்பாட்டு அறையில். அங்கே அந்த வாரம் இங்கிலீஷ் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்த சிந்துஜா, இருபது கேள்விகள் அடங்கிய தாளை நீட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சந்தர்ப்பம், நாலு பதில், பொருந்துவதற்கு டிக் போட வேண்டும். விருந்தாளிக்குக் காபி வேண்டுமா என்று கேட்பது எப்படி? 'வுட் யூ லைக் சம் காபி'. கடற்கரைக்குப் போகலாமே என்று யோசனை சொல்வது? 'வை டோன்ட் யூ'. பதினாலு வருஷ ஓட்டல் வேலையில் காதில் விழுந்ததெல்லாம் கைகொடுக்க, டிக் டிக்கென்று போட்டுக்கொண்டே போனாள்.

ஒன்றே ஒன்றில் சிவப்பு மை. கூட வேலை செய்கிறவள் ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்குக் கூப்பிடுகிறாள், உங்களால் போக முடியாது, என்ன சொல்வீர்கள்? செல்வாம்பாள் போட்டிருந்தது, 'யெஸ், ஐ வில் கம்'.

"ஏன்க்கா இத போட்டீங்க? போக முடியாதுன்னு கேள்வியிலேயே இருக்கே" என்றாள் சிந்துஜா.

"நல்ல காரியத்துக்குக் கூப்புடுறவங்க மூஞ்சிக்கு நேரா வரமாட்டேன்னு எப்படி மேடம் சொல்றது? வரேன்னுதான் சொல்லணும்."

"அவங்க நம்பி உக்காந்திருப்பாங்களேக்கா. 'ஐ'ட் லவ் டு, பட்'னு ஆரம்பிக்கணும். ஆசையையும் சொல்லணும், வர முடியாத காரணத்தையும் சொல்லணும்."

செல்வாம்பாளுக்குச் சுரீரென்றது. குஞ்சம்மாள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல், அந்த மஞ்சள் நீராட்டின்போது நாலே மாசம். வெறும் நெற்றியோடு சுமங்கலிகள் நடுவில் அவள் எப்படி வந்து நின்றிருப்பாள்? வர முடியாது என்று அவள் வாய் எப்படிச் சொல்லியிருக்கும், அதுவும் மணையை வைத்து மிரட்டினவளிடம்? நானே போட்ட டிக்கைத்தான் அவளும் போட்டிருக்கிறாள். இது தெரியாமல் ஒன்பது வருஷம் முறைத்துக்கொண்டு திரிந்தேனே, பாவி! தாளைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

வேலை முடிந்ததும் நேரே மார்க்கெட்டுக்குப் போனாள். குஞ்சம்மாள் சங்கரா மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் தலை நன்றாக நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அபிக்குக் கல்யாணம்" என்று செல்வாம்பாள் பத்திரிகையை நீட்டினாள்.

"கண்டிப்பா வரேன்டி" என்றாள் குஞ்சம்மாள், கண்ணைப் பார்க்காமல். அதே பேச்சு, அதே வேகம்.

"நெசமா சொல்லு குஞ்சு. முடியலன்னா முடியலன்னு சொல்லு. நான் கோச்சிக்க மாட்டேன்."

குஞ்சம்மாள் பத்திரிகையின் மஞ்சள் மூலையைக் கொஞ்ச நேரம் தடவினாள்.

"ஆசையாத்தான்டி இருக்கு. அன்னைக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. பொடவ கட்டி உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். தாலி இல்லாம அங்க வந்து எங்கடி நிப்பேன்?"

செல்வாம்பாள் மீன் தண்ணீர் ஓடுகிற தரையென்றும் பாராமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நிக்க வேணாம். நான் எங்க உக்காருறேனோ, அங்க உக்காரு."