நம்பரைத் தின்ற முறுக்கு

ரிஃபானாவை நினைத்தாலே எனக்கு மோடம் கத்துகிற சத்தம் காதில் வரும். தொண்ணூற்றொன்பதில், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் இன்டர்நெட் சென்டர் வைத்திருந்தார்கள். பேருக்கு அவள் அண்ணன் ரசாக் முதலாளி, நடத்தியதெல்லாம் அவள்தான். கூட வேலை பார்த்த நான் அவளிடம் வாங்காத திட்டு இல்லை. பேனா மூடியைத் திறந்து வைத்தால் திட்டு, ஃபேனை நிறுத்தாமல் போனால் திட்டு. ஆனால் வந்தவர்களிடம் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

குறிகளுக்கெல்லாம் அவளாகப் பேர் வைத்திருந்தாள். இணைய முகவரியில் இரண்டு விவரங்களுக்கு நடுவே வருமே, '&', அது அவளுக்கு முறுக்கு. போனில் யாருக்காவது முகவரி சொன்னால், "அப்புறம் ஒரு முறுக்குப் போடுங்க" என்பாள். எதிர்முனையில் இருப்பவர் முழிப்பது எனக்கே கேட்கும்.

அஞ்சல் வழிப் பட்டப் படிப்பின் முடிவு வந்த அன்று சென்டரில் நிற்க இடமில்லை. மதியம் இணைப்பு நொண்டியது. நெட்ஸ்கேப்பில் படமும் பட்டையுமாகப் பக்கம் திறப்பதற்குள் உயிர் போனது. ரசாக் புதிதாக லினக்ஸ் போட்டிருந்த கம்ப்யூட்டரில் கர்ல் என்று ஒன்று இருந்தது. கட்டளையோடு முகவரியைத் தட்டினால் படமெல்லாம் விட்டுவிட்டு எழுத்தை மட்டும் இழுத்து வரும். ரிஃபானா அதில் போய் உட்கார்ந்தாள்.

அதில் முதலில் பார்க்க வந்தவர் செல்லாத்தாள். வால்பாறை எஸ்டேட்டில் குழந்தைக் காப்பகத்தில் வேலை, வயது முப்பதைத் தாண்டியிருக்கும். ஒரே ஒரு பேப்பர் பாக்கி, இதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம்.

"இதுல தேறலைன்னா மறுக்கா எழுத உட மாட்டாங்கொ. நல்லாப் பாருங்க அம்மணி," என்று நம்பரைச் சொன்னார்.

நெட்ஸ்கேப்பில் காலையிலிருந்து வேலை செய்த அதே முகவரி. கேள்விக்குறி, படிப்பின் பேர், முறுக்கு, கடைசியில் நம்பர். ரிஃபானா தட்டினாள். கொஞ்ச நேரத்தில் எழுத்து வந்து விழுந்தது. நம்பர் பட்டியலில் இல்லை என்றது அது.

வேறு ஊராக இருந்தால் என்ன கோளாறு என்று கேட்டிருப்பார்கள். நம் ஊரில் பேப்பரில் தேறினவர்கள் நம்பர்தானே வரும்? இல்லை என்றால் ஃபெயில். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கம். செல்லாத்தாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "செரிங்க, நான் வாரேன்," என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"பாவம்டி," என்றேன். ரிஃபானா திரையையே பார்த்தாள். "ரங்கநாயகி, இங்க வா. இல்லைன்னு சொல்லுதே, எந்த நம்பர் இல்லையாம்? நம்பர் இருக்கற எடம் காலியா இருக்கு பாரு."

அவள் வெறுமனே எண்டர் தட்டினாள். வேலை முடிந்தது என்று ஒரு வரி வந்தது. ஓடிய கட்டளையையும் அந்த வரியே காட்டியது. முகவரி படிப்பின் பேரோடு நின்றிருந்தது. முறுக்குமில்லை, நம்பருமில்லை.

"அட, இந்த முறுக்குதான்டி! ஷெல்லுக்கு அது வேறங்கறேன். இதுவரைக்கும் உள்ளதப் பின்னால ஓட உடுன்னு அர்த்தம். நம்பரைத் தனியாப் புடுங்கி வெச்சுக்கிச்சு. அந்தப் பக்கம் போகவே இல்ல!"

கட்டளைகளை வாங்கி நடத்துகிற ஷெல், மீதியைத் தனக்குச் சொன்ன வேறொரு கட்டளையாக எடுத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இருந்துவிட்டது. எனக்கு அதன்மேல் வந்த ஆத்திரத்தில் கீபோர்டை உடைத்திருப்பேன். முகவரி முழுசும் ஒன்றாகப் போகும்படி ரிஃபானா அதன் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு மறுபடி தட்டினாள். இந்தத் தடவை நம்பர் வந்தது, பேர் வந்தது, பக்கத்திலேயே பாஸ் என்றும் வந்தது.

அவள் ஓடிய ஓட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை. செருப்புப் போடவில்லை, துப்பட்டா தோளில் நிற்கவில்லை. வந்தவர்களிடமே கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் பின்னால் ஓடினேன். ஸ்டாப்பில் செல்லாத்தாள் ஏறிய டவுன் பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. ரிஃபானா அதன் பக்கவாட்டில் பட்டென்று அடித்தாள். நின்றுவிட்டது.

"ஏனுங்கக்கா, நீங்க பாஸுங்க! தப்பு எங்க மேலதானுங்க!"

ஜன்னலோரம் இருந்த செல்லாத்தாள் அசையவில்லை. இன்னொரு தடவை ஆசைப்பட்டு ஏமாற அவரிடம் தெம்பில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"வேற ஆருதாச்சும் இருக்குமுங்க. என்ற நம்பர என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

ரிஃபானா கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மூச்சு வாங்க, ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் செல்லாத்தாளும் சேர்ந்து சொன்னார். கடைசி எண்ணை இருவரும் சொல்லி முடித்தபோது, அவர் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி ரிஃபானாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் விசில் ஊதிய பிறகும் விடவில்லை.