இரண்டாவது கப்பில் பதினேழு

யசோதாவுக்கு ஒருவரை வேலைக்கு எடுப்பது பெரிய காரியமாகத் தெரிந்ததில்லை. வேண்டாம் என்று சொல்வதைத்தான் அவள் பெரிய காரியமாக நினைத்தாள். பி.காம். முடித்த வருஷம் ரேணிகுண்டாவில் ஒரு ஆபீஸுக்கு இன்டர்வியூ போய்விட்டு, நாற்பது நாள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கியவள் அவள். எடுத்தோம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்றுவரை அந்த ஆபீஸ் தன்னை ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியில் பதினாறு வருஷத்துக்கு முன்னால் வருகைப்பதிவு எழுதச் சேர்ந்து, இப்போது ஆள் எடுக்கும் மேனேஜராக இருக்கிறாள். இல்லை என்றால் மறுநாளே, அதுவும் தன் வாயாலேயே சொல்லிவிடுவது என்று ஒரு பழக்கம் வைத்திருந்தாள்.

ஏப்ரல் மாதம் இரண்டாவது வாரம். இன்னும் மூன்று வாரத்தில் காய் வரத்து ஆரம்பித்துவிடும். சீசனுக்குத் தரம் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. முனிகிருஷ்ணன் ஒரு பெயர் சொன்னான்.

"யஸ்வந்த்துன்னு என் ஃப்ரெண்டுக்கா. வெதுருகுப்பத்துல ஒண்ணாவே படிச்சோம். திருப்பதில லாட்ஜுல உக்காந்துகினு ரூம் சாவி குடுத்துகினு இருக்கான். டிகிரி படிச்சவன்க்கா."

முனிகிருஷ்ணன் சீசனில் இரவு ஷிஃப்டின் பொறுப்பாளன், மற்ற மாதங்களில் பகலில் வருவான். அது மட்டும் இல்லை. பழம் பிரிக்கும் வேலைக்கு ஒவ்வொரு வருஷமும் அவன்தான் வெதுருகுப்பத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து முப்பது பெண்களைக் கூட்டி வருவான். யார் வீட்டில் கல்யாணம், யார் மருமகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், யாரை நம்பிப் பஸ் ஏற்றலாம் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அந்தப் பெயர்களை ஒரு நோட்டுத்தாளில் எழுதி ஏப்ரல் கடைசிக்குள் யசோதாவின் மேசையில் வைத்துவிடுவான். அந்தத் தாள் வராவிட்டால் சீசன் முதல் வாரத்தில் பழம் அழுகும்.

"வரச்சொல்லு. எல்லாருக்கும் வைக்கிற டெஸ்ட்தான் அவருக்கும்," என்றாள்.

"அது தெரியும்க்கா," என்று சிரித்தான்.

டெஸ்ட் என்பது மூன்று கப். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூழ் இருக்கும். கையடக்கமான ஒரு குழாய்க்கருவியின் கண்ணாடிமேல் ஒரு சொட்டு வைத்து, மூடி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சேரும் கோடு ஒரு எண்ணில் நிற்கும். அதுதான் சர்க்கரை அளவு. முதல் கப்பில் தோத்தாபுரி மாம்பழக் கூழ், பதினாலு. இரண்டாவதில் அல்போன்சா, பதினேழு. மூன்றாவதில் சுண்டக்காய்ச்சியது, இருபத்தெட்டு. ஐந்து வருஷமாக இதே மூன்று கப், இதே வரிசை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

யஸ்வந்த் நன்றாகத்தான் இருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, அமரிக்கையான பேச்சு. கேட்டதற்கு மேல் பேசவில்லை. தெரியாததைத் தெரியாது என்றான். லேபில் தரணி கருவியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்ததும் தானாகவே தண்ணீர் விட்டுத் துடைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டான். அரைமணி நேரத்தில் தாள் யசோதாவின் மேசைக்கு வந்தது. பதினாலு, பதினேழு, இருபத்தெட்டு.

"அருமை," என்றாள் யசோதா.

தரணி போகாமல் நின்றாள். லேபில் மூன்று வருஷமாக இருப்பவள், எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதவள்.

"இன்னா தரணி?"

"அல்போன்சா டிரம் போன வாரமே காலிக்கா. ரெண்டாவது கப்புல சுண்டுனதுல தண்ணி கலந்து வச்சேன். நானே மூணு தடவை பார்த்தேன். இருபத்தொண்ணு இருந்துச்சு."

யசோதா தாளை மறுபடி பார்த்தாள். பதினேழு என்று தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தது. கண் தவறினால் இருபது வரும், இருபத்திரண்டு வரும். இல்லாத பதினேழு எங்கிருந்து வந்தது? அவளுக்குக் கோபம் வரவில்லை. பூட்டிய அறைக்குள் பூனை எப்படிப் போயிற்று என்று பார்ப்பவளைப் போலத்தான் இருந்தாள்.

யஸ்வந்தை மறுபடி கூப்பிட்டாள்.

"ரெண்டாவது கப்புல கோடு எங்க நின்னுச்சுங்க?"

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "இருபத்தொண்ணு மாதிரி இருந்துச்சு மேடம்," என்றான். "எனக்குதான் பார்க்கத் தெரியலன்னு நெனச்சேன்."

"பதினேழுன்னு எப்படித் தோணுச்சு?"

அவன் மேசைமேல் இருந்த தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் நண்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லை பொய் சொல்ல வேண்டும். நாளைக்குப் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அவள் வீடு திருப்பதியில். தினமும் போய் வருகிறவள். சந்திரகிரி தாண்டும்வரை மனசுக்குள் அதையே புரட்டிக்கொண்டிருந்தாள். பையன் கண் நல்ல கண். கற்றுக்கொள்வான். ஆனால் சீசனில் அவன் நிற்க வேண்டியது முனிகிருஷ்ணனின் ஷிஃப்டில். இரவு இரண்டு மணிக்கு லாரி வரிசையாக நிற்கும்போது, 'பதினாலு போட்டுக்கடா, ஓடட்டும்' என்று முனி சொன்னால் அவன் என்ன எழுதுவான்? கண்ணில் இருபத்தொன்று நின்றபோதே நண்பனின் பதினேழை எழுதியவன். ஜூஸ் கம்பெனிக்காரன் ஒரு லோடைத் திருப்பி அனுப்பினால் முதலில் போவது இவனுடைய வேலைதான்.

காலையில் தரணி ஒரு வழி சொன்னாள். "வேலையே கேன்சல் ஆயிட்ச்சுன்னு சொல்லிடுங்கக்கா. யாருக்கும் வருத்தம் இல்ல."

"அடுத்த வாரம் வேற ஆளு வந்து அதே ஸ்டூல்ல உக்காருவான். முனி தெனமும் அந்தப் பக்கமாத்தான் போறான். அவனுக்குக் கண்ணு இல்லயா?"

பத்து மணிக்கு யஸ்வந்துக்குப் போன் செய்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"இந்த வேலைக்கு உங்கள எடுக்கலைங்க. காரணம் சொல்லிடறேன். நீங்க பார்த்தது சரி, எழுதினதுதான் வேற. இங்க பார்த்ததை எழுதற ஆளு வேணும், யாரு என்ன சொன்னாலும். அதுவும் நீங்க முனி ஷிஃப்டுலயே நிக்கணும், அது ரெண்டு பேருக்கும் கஷ்டம். அடுத்த சீசனுக்கு மறுபடி எழுதிப் போடலாம், தடையில்ல. ஆனா கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்கல."

அந்தப் பக்கம் லாட்ஜ் மணி அடிப்பது கேட்டது. "முனிகிட்ட சொல்வீங்களா மேடம்?"

"எடுக்கலன்னு சொல்வேன். ஏன்னு சொல்ல மாட்டேன். அது உங்க விஷயம்."

போனை வைத்ததும் நேரே இறங்கிப் போனாள். வேறு யாரிடமிருந்தாவது அவன் காதுக்குப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும். முனிகிருஷ்ணன் பாய்லர் ஓட்டிப்பார்க்கும் இடத்தில் கையில் எண்ணெய் துடைக்கும் துணியோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எப்ப ஜாயினிங்க்கா? அவன் நைனா நேத்தே காணிப்பாக்கம் புள்ளையார் கோயிலுக்குப் போய் தேங்கா ஒடச்சிட்டு வந்துட்டாரு."

தேங்காய் உடைத்ததை யசோதா எதிர்பார்க்கவில்லை.

"யஸ்வந்த எடுக்கல முனி. இப்பத்தான் அவருக்கே போன்ல சொன்னேன். உனக்கு நானே சொல்லணும்னு வந்தேன்."

பாய்லர் இரைந்தது. அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும்.

"இன்னா கொறைக்கா அவன்கிட்ட?"

"அதை அவர்கிட்ட சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்றதும் சொல்லாததும் அவரு இஷ்டம். நீ நாளைக்கு எங்கயாவது இன்டர்வியூ போனா, அதை ஊருக்குச் சொல்ல மாட்டாங்க இல்ல, அது மாதிரி. நீ கொண்டாந்த ஆளுன்னு நான் கொறைச்சும் பார்க்கல, கூட்டியும் பார்க்கல. போன வருஷம் நீ சொன்ன ரெண்டு பேரு இன்னும் இருக்காங்க. இன்னமும் ஆளு தெரிஞ்சா சொல்லு."

"சரிங்க மேடம்," என்றான் முனிகிருஷ்ணன்.

இத்தனை வருஷத்தில் அவன் அவளை மேடம் என்றது அதுதான் முதல் தடவை.

அடுத்த பத்து நாளும் மேடம்தான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எதிரில் வந்தால் வழி விட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான். கேன்டீனில் மட்டும் அவள் உட்காரும் பெஞ்சு தாண்டிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். நோட்டுத்தாள் வரவில்லை. யசோதா அதைக் கேட்கவும் இல்லை. கேட்டால், அந்தத் தாளுக்காகத்தான் கீழே இறங்கிப் போய்ச் சொன்னாள் என்று ஆகிவிடும் என்று இருந்தாள். ஆனாலும் தினமும் காலையில் மேசைக்கு வந்ததும் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் முதலில் பார்த்தாள். இதற்கிடையே தரம் பார்க்க குடியாத்தத்திலிருந்து ஒரு பெண்ணை எடுத்தாள். தரணியிடம், இனிமேல் ஒவ்வொரு ஆளுக்கும் கப்பை மாற்றி வை, எவ்வளவு என்று எனக்கும் சொல்லாதே என்றாள்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி முனிகிருஷ்ணன் கதவருகில் வந்து நின்றான்.

"யஸ்வந்த் நேத்து வந்திருந்தான்," என்றான். "எல்லாம் சொன்னான்."

"உக்காரு."

உட்காரவில்லை. "அவனுக்கு நம்பரு சொல்லிக் குடுத்தது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன்க்கா அன்னிக்கே கேக்கல?"

அக்கா என்று வந்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"கேட்டா உன் ஃப்ரெண்டு என்கிட்ட சொல்லிட்டான்னு நெனப்ப. அவரு உன் பேரை எடுக்கவே இல்ல. அப்புறம், நீயே வருவியான்னும் பார்த்துகினு இருந்தேன்."

"வராம இருந்திருந்தா?"

"டெஸ்டை எப்பவோ மாத்திட்டேன். நீ வராட்டியும் அது மாறித்தான் இருக்கும்."

அவன் இப்போது உட்கார்ந்தான். "நான் நல்லதுன்னு நெனச்சிதான் சொன்னேன். நம்பரு சொல்லாம வுட்டிருந்தா அந்தப் பையன் இருபத்தொண்ணுன்னே எழுதியிருப்பான். நானே அவன் வேலையைத் துன்னுட்டேன்."

யசோதா பேனாவை மூடி வைத்தாள். "அவரு இப்ப இன்னா பண்றாரு?"

"லாட்ஜுதான். அடுத்த வருஷம் எழுதிப் போடறேன், வேற ஷிஃப்டு கேக்கறேன்றான். என்னை இந்தப் பக்கம் வாயே தொறக்காதன்னுட்டான்." இத்தனை நாளில் முதல் முறையாகச் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நோட்டுத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். இருபத்தேழு பெயர். "மூணு பேரு கொறையுது. நான் லேட்டாப் போனதால அவங்க வேற கம்பெனிக்கு ஒத்துக்கினாங்க."

"பார்த்துக்கலாம்."

எழுந்தவன் கதவருகில் நின்றான். "இப்ப இன்னா கப்பு வைக்கறீங்க?"

"எனக்கே தெரியாது."

நம்பாதவன் போலப் பார்த்தான். யசோதா எழுந்து அவனை லேபுக்குக் கூட்டிப் போனாள். தரணி சாப்பிடப் போயிருந்தாள். மேசைமேல், வேறொரு ஆளுக்காக அவள் அன்று கலந்த கப் ஒன்று மூடியோடு இருந்தது. அவன் ஒரு சொட்டு வைத்து ஜன்னல் பக்கம் திரும்பினான். பார்த்தான். கருவியை இறக்கி, துடைத்து, வேறு சொட்டு வைத்து மறுபடி பார்த்தான்.

"பத்தொம்போது," என்றான்.

யசோதா வாங்கிப் பார்த்தாள். "பத்தொம்போதரை."

"இல்லக்கா, பத்தொம்போதுதான். கண்ணாடி போட்டுகினு பாருங்க."

அவள் மூக்குக்கண்ணாடி மாடியில் அவள் மேசையில் இருந்தது. இரண்டு பேரும், கப்பைக் கலந்த தரணி சாப்பிட்டு வருவதற்காக அங்கேயே நின்றார்கள்.