குனிந்தால் எரியும் நெஞ்சு

புளி உலுக்கும் நாட்களில் வயிறு முட்டக் கேழ்வரகுக் களி தின்றுவிட்டுத்தான் மரத்தடிக்குப் போவேன். குனிந்து பொறுக்கினால் நெஞ்சு எரியும். மலைமேடு ஏறினால் ஒன்றும் செய்யாது. ஏன் என்று மண்டையைக் குடைந்தது.

சுகாதார நிலைய நர்ஸ் ஈ.சி.ஜி. எடுக்கவைத்தார். இதயத்தில் கோளாறில்லை என்றானதும், “இன்னா துன்னுட்டு குனியறீங்க?” என்றார். சொன்னேன்.

“ரொம்பின வயித்தோட குனிஞ்சா அது அமுங்கி அமிலம் மேல ஏறும். நடந்தா நிமிந்துதானே இருக்கீங்க? கொஞ்சமா சாப்ட்டு, ரெண்டு மூணு மணி நேரம் வுட்டு வேல செய்ங்க. புளிய நின்னுக்கினே கூட்டிக் குமிச்சி, ஸ்டூல்ல நிமிந்து உக்காந்து பொறுக்குங்க.”

மறுநாள் அப்படியே செய்தேன். எரியவில்லை. ஆனால் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மதியம் சாப்பிட்ட கையோடு, ஒரே ஒரு புளிக்காக வேண்டுமென்றே குனிந்தேன்.

தொண்டைவரை புளித்தது.