சுகாசினி அனுப்பிய பதில்

என் மனைவி சுகாசினி எதையும் முழுசாகப் பிரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டாள். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பதினோரு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. தறியிலிருந்து வரும் சேலையை விரித்து, கரை, முந்தானை எல்லாம் பார்த்து, இழை விட்டிருந்தால் ஓரமாக எடுத்து வைப்பாள். வீட்டில் தக்காளிக்கும் அதே கதி. எனக்கும்தான்.

போன வருஷம் இரண்டு கம்பெனிகள் அவளை வேண்டாம் என்றன. இந்த மே மாதம் ஒரகடத்தில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியிலிருந்து வேலைக் கடிதத்தோடு மெயில் வந்தது. வரும் சரக்கைச் சரிபார்க்கும் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். நான் செவிலிமேட்டில் ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தேன்.

"ஓகே சார்னு ஒரு வரி போட்டு அனுப்பிடு."

"இருங்க, படிச்சிக்கினு இருக்கேன்."

மூன்று இடத்தில் நின்றாள். போனில் கைக்கு இருபத்திரண்டாயிரம் என்றார்கள்; கடிதத்தில் வருஷத்துக்கு மூன்று லட்சம் என்று மட்டும் இருந்தது. ஜூன் ஒன்றாம் தேதி சேரவேண்டும். கடையில் ஒரு மாதம் முன்னால் சொல்லாமல் அவள் விலகமாட்டாள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டிருந்தார்கள்; கடையில் சம்பளம் கவரில்தான் தருவார்கள், சீட்டு கிடையாது.

"சீட்டுதானே, பிரவுசிங் சென்டர்ல அடிச்சுத் தருவாங்க" என்றேன்.

இழை விட்ட சேலையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "பொய்ச் சீட்டு குடுத்து உள்ள போனா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அங்க சரக்கு சரியில்லன்னு சொல்றது?"

வியாழக்கிழமை மெயில் எழுதினாள். முதல் வரியிலேயே வேலையை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு, பிடித்தம் போகக் கையில் வருவது இருபத்திரண்டாயிரம்தானா, ஜூன் இருபத்திரண்டாம் தேதி சேரலாமா, சம்பளச் சீட்டுக்குப் பதில் கடையின் அனுபவக் கடிதம் போதுமா என்று கேட்டாள். ஆதார், பான், பட்டச் சான்றிதழ் நகல்களை இணைத்தாள். திருத்திய கடிதம் வந்ததும் கையெழுத்திட்டு அனுப்புவதாக முடித்தாள். இத்தனை கேள்வி கேட்டால் யார் வேலை தருவார்கள்?

மறுநாள் மதியம் பதில் வந்தது. மூன்று லட்சத்தில் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் அடக்கம், அதுவும் அவள் பங்கும் போக இருபத்திரண்டாயிரம் கைக்கு வரும். தேதி சரி. அனுபவக் கடிதம் போதும். புதுத் தேதி போட்ட கடிதமும் கூடவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

அதில் கையெழுத்திட்டு அனுப்பிய பிறகுதான் முதலாளி ஆனந்தராஜிடம் சொன்னாள். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் கடைசி நாளன்று அனுபவக் கடிதத்தைச் சாமந்தி மாலையோடு கொடுத்தார். அழைத்துவர நானும் போயிருந்தேன். மாலையோடு நின்றபடியே கடிதத்தைப் பிரித்து, கடைசி வரி வரை படித்தாள்.

"அண்ணா, பத்து வருஷம்னு போட்டிருக்கீங்க. பதினொண்ணு."

ஆனந்தராஜ் சிரித்துக்கொண்டே, திருத்த எடுத்த பேனாவை மூடினார். "வேற தாள்லயே அடிச்சுத் தரேம்மா. உக்காரு."

உட்கார்ந்தாள். இந்த முறை நான் அவசரப்படுத்தவில்லை.