நானேதான் அனுப்பினேன்

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் போடுவது என் வேலை. டீ நேரத்தில் உடை மாற்றும் அறைக்குப் போய் லாக்கரிலிருந்து போனை எடுத்தபோதுதான் அந்த வீடியோ கால் வந்தது. போலீஸ் உடுப்பில் ஒருவன். என் ஆதார் எண்ணைத் தப்பில்லாமல் சொன்னான். என் பெயரில் போன பார்சலில் போதை மாத்திரை பிடிபட்டதாம்.

மாத்திரை என்ற சொல்தான் என்னைக் கவிழ்த்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் போடா என்றிருப்பேன். என் மேசையிலிருந்து ஏதோ தவறிப் போய்விட்டது என்றே நம்பினேன். லைனைத் துண்டிக்கவும் யாரிடமும் வாயைத் திறக்கவும் கூடாது, கணக்கிலிருக்கும் பணத்தைச் சரிபார்க்க அனுப்பு, அரை மணியில் திரும்பும் என்றான். மகளின் நர்சிங் கல்லூரி இரண்டாம் வருஷக் கட்டணம் அது. முதலில் ஐம்பதாயிரம், பிறகு நாற்பதாயிரம். இரண்டு தடவையும் நானே பின் நம்பரைத் தட்டினேன்.

அடுத்து, சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கி அனுப்பு என்று இந்தியில் மிரட்டினான். அங்கேதான் விழித்துக்கொண்டேன். எந்தப் போலீஸ் கைமாத்து வாங்கச் சொல்லும்? அழைப்பைத் துண்டித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தேடிக்கொண்டு வந்த எங்கள் பேக்கிங் லைன் லீடர், என்னைவிடப் பத்து வயது சின்னவள், விஷயத்தைக் கேட்டதும், "அளபேடி அக்கா, மொதலு போன் மாடி" என்று கன்னடத்தில் அதட்டினாள், அழாதே, முதலில் போன் போடு என்று. சைபர் குற்ற உதவி எண்ணை அவளே அழுத்தி என் காதில் வைத்தாள். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாருடைய யுபிஐ ஐடிக்கு என்று கேட்டார்கள். முக்கியமாக ஒவ்வொரு பரிமாற்றத்தின் குறிப்பு எண். அவமானத்தில் அந்த மெசேஜ்களை அழிக்கப் போனவள் நான், நல்லவேளை, அழிக்கவில்லை. புகார் எண் கொடுத்தார்கள். இவ்வளவும் முடிந்தபோது பணம் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அதன் பிறகுதான் வீட்டுக்காரருக்குச் சொன்னேன். பள்ளி வேன் ஓட்டுகிறவர். வங்கியில் புகார் கொடுக்கப் போன என்னை வாசலிலேயே மடக்கினார்.

"நான் அனுப்பலைன்னு சொல்லிடு. யாரோ எடுத்துட்டாங்கன்னு சொன்னாதான் பேங்க்ல திருப்பிக் குடுப்பாங்களாம்."

"பொய் சொல்ல மாட்டேங்க. புகார் குடுத்த போன்ல ஒரு வார்த்த, இங்க ஒரு வார்த்தயா? போட்டது என் பின்னு. அவங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கும்."

உள்ளே இருந்த அதிகாரி முதலில் கேட்டதே அதைத்தான்.

"பின் நம்பர் போட்டது நீங்களாம்மா?"

"நானேதான் சார். பயமுறுத்தி அனுப்ப வச்சாங்க."

அவர் பேனாவை வைத்தார். "உங்களுக்குத் தெரியாம போயிருந்தா ரூல் வேற. நீங்களே அனுப்பினதுக்கு பேங்க் பொறுப்பு ஏத்துக்காது. நான் ஆசை காட்ட விரும்பல."

"ஆசை காட்ட வேணாம் சார். கம்ப்ளெய்ன்ட எழுத்துல வாங்கிக்கங்க, நம்பர் குடுங்க. பணம் போன பேங்க்குக்கு இப்பவே சொல்லுங்க."

குரல் எனக்கே புதிதாக இருந்தது. வாங்கிக்கொண்டார். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று அவரே சொன்னார். அங்கிருந்து நேராகக் காவல் நிலையம். அங்கேயும் அதே வார்த்தைதான், நானேதான் அனுப்பினேன்.

ஐம்பதாயிரம் சில நிமிஷங்களிலேயே வேறு கணக்குக்கு மாறி, எடுக்கப்பட்டும் விட்டது. நாற்பதாயிரம் மட்டும் போன கணக்கிலேயே முடங்கிக் கிடந்தது. உதவி எண்ணுக்கு உடனே போட்ட போன் அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. அது கைக்கு வர நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள். அலைந்தேன். மாதக்கணக்கில், அவ்வப்போது லீவு போட்டு அலைந்தேன். கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட கல்லூரியில் கெஞ்சி, ஓவர்டைம் பார்த்துக் கட்டினேன். மகளின் படிப்பு ஒரு நாளும் நிற்கவில்லை.

நாற்பதாயிரம் கணக்கில் ஏறிய வாரத்தில் வங்கி கைவிரித்த ஐம்பதாயிரத்துக்காக நான் போட்டிருந்த மனுவின் மீது குறைதீர்ப்பாளரின் முடிவும் வந்தது. வாடிக்கையாளரே அங்கீகரித்த பரிவர்த்தனை, வங்கியின் மீது குறையில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்தில் கத்தி வைத்துக் கையெழுத்து வாங்கினால் அதற்குப் பெயர் அங்கீகாரமா?

வீட்டுக்காரர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "அன்னிக்கே பொய் சொல்லியிருந்தா" என்று ஆரம்பிப்பார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"அந்தப் போன் எனக்கு வந்திருந்தா, நானும் அனுப்பியிருப்பேன்" என்றார். தாளை மடித்துக்கொண்டே சொன்னார். "ஆனா வெளிய சொல்லியிருக்க மாட்டேன். அந்த நாப்பதும் போயிருக்கும்."